எங்கே வெட்டுவது

வந்திருந்தவர்கள்: பல்குத்தும் குச்சியை உதட்டோரம் செருகியபடி நகராட்சி அதிகாரி. ராத்திரி முழுக்கக் கண்விழித்த முகத்தோடு இரவு மருத்துவமனையின் டாக்டரம்மா. இருவருக்கும் நடுவில், யார் பக்கம் சாய்வது என்று இன்னும் முடிவு செய்யாத நாற்காலியில் கருத்துக்கணிப்புக் கம்பெனி மேனேஜர். மேசையின் கடைசியில், யாரும் தன்னிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று பிஸ்கட்டை டீயில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்த கள மேற்பார்வையாளர். திரையோடு கம்ப்யூட்டரை இணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்த எடைக்காரி.

வராதவர்கள்: ஆறு பேர். அன்றைய பேச்சு முழுக்க அவர்களைப் பற்றித்தான்.

எடைக்காரி தராசு பிடிப்பவள் இல்லை. கருத்துக்கணிப்பு எடுத்துக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் அவள் வேலை, பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு எடை போடுவது. ஊரில் பாதி பெண்கள், ஆனால் பதில் சொன்னவர்களில் முக்கால்வாசி பெண்கள் என்றால், பெண்களின் எடை ஒன்றுக்குக் கீழே இறங்கும், ஆண்களின் எடை ஒன்றுக்கு மேலே ஏறும். வயது, படிப்பு, வேலை நேரம் என்று எல்லாவற்றுக்கும் இப்படியே பார்த்து, காகிதத்தில் இருக்கும் ஊரை வெளியே இருக்கும் ஊரைப் போல ஆக்க வேண்டும். காலேஜை இரண்டாம் வருடம் பாதியில் விட்டுவிட்டு, இதே கம்பெனியில் நைட் ஷிஃப்ட் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கூட இருந்தவர்கள் தூங்கும்போது கற்றுக்கொண்ட வேலை. பட்டம் வாங்கியவர்கள் செய்தால் அதற்கு வேறு பெயர், வேறு சம்பளம். அவளுக்கு 'எடைக்காரி'.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். போன ஒரு வருடத்தில் நீங்கள் இரவு மருத்துவமனைக்குப் போனீர்களா? பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேராவது போயிருந்தால் மருத்துவமனை நீடிக்கும். அதற்குக் கீழே என்றால் மூடிவிடுவார்கள். நகராட்சி அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டாயிற்று.

திரையில் 14.1 என்று இருந்தது.

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். அதிகாரி பல்குச்சியை எடுத்துவிட்டார்.

"இது எப்படிம்மா? நேத்து போன்ல மேனேஜர் ஆறு சதவீதம்னாரே?"

"அது வெயிட் போடாதது சார்" என்றாள் எடைக்காரி. "இது போட்டது."

"வெயிட் போட்டா டபுளுக்கு மேல ஆயிடுமா? என்ன அரிசியா, தண்ணில ஊறிப் பெருகுறதுக்கு?"

மேனேஜர் சிரித்தார். அதிகாரி எது சொன்னாலும் சிரிப்பதற்கென்றே அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது, மூக்கிலிருந்து வரும்.

எடைக்காரி அடுத்த பக்கத்தைத் திறந்தாள். "முப்பது வயசுக்குக் கீழ, பத்தாவது தாண்டாத, ராத்திரி வேலைக்குப் போற ஆம்பளைங்க. ஊர்ல நூத்துக்குப் பதினோரு பேர் அவங்கதான். நமக்கு பதில் சொன்னது மொத்தமே ஆறு பேர். அந்த ஆறு பேர் நூத்தி முப்பத்தாறு பேருக்காகப் பேசறாங்க."

"ஆறு பேரா?"

"ஆறு. அதுல ஒருத்தர் மட்டும் முப்பத்தோரு பேருக்காக. பாரம் எண் 877. அவர் வீட்ல பெரியவங்க எட்டுப் பேர், அதுல ஒருத்தரைத்தான் கேட்டோம். அதனால அவர் மேல எட்டு மடங்கு ஏறுது, அதுக்கு மேல இந்தக் கூட்டத்தோட சுமையும் ஏறுது. இந்த ஆறு பேர்ல நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப நாலு பசங்க தும்மினா ஊருக்கே ஜலதோஷம்னு எழுதுவீங்க."

அதில் உண்மை இருந்தது, அதுதான் எரிச்சல். நான்கு பேரில் ஒருவன் வேறு பதில் சொல்லியிருந்தால் எண் இரண்டு மூன்று புள்ளி கவிழ்ந்துவிடும். எடைகள் இப்படித் தாறுமாறாக இருந்ததில், ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டது கிட்டத்தட்ட முந்நூற்றிருபது பேரிடம் கேட்டதற்குத்தான் சமம். பாக்கி அலைச்சல் எல்லாம் வீண். இதற்கு வழக்கமான மருந்து ஒன்று உண்டு: வெட்டுவது. இத்தனைக்கு மேல் யாருக்கும் எடை கிடையாது என்று ஒரு உச்சவரம்பு போட்டு, அதற்கு மேல் இருப்பதை நறுக்கி, நறுக்கியதை மற்ற எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். மொத்தம் மாறாது. ஒரு சிலர் மட்டும் கூட்டத்தை ஆட்டிவைக்க முடியாது.

"வெட்டிடலாம் சார்" என்றார் மேனேஜர். "ஒப்பந்தத்துலயே இருக்கு. 'மிகையான எடைகள் தேவையெனில் வெட்டப்படும்.'"

"எதுக்கு மேல வெட்டணும்னு போட்டிருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

மேனேஜர் பக்கத்தைப் புரட்டினார். போட்டிருக்கவில்லை. எடைக்காரிக்குக் காது சூடாயிற்று. அந்த வரியை எழுதியவள் அவள்தான். ஒப்பந்தம் எழுதிய அன்று, எண் என்ன போடுவது என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இப்ப மெயில் அனுப்பு' என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவளும் விட்டுவிட்டாள். இதற்கு முன்னால் செய்த கணிப்புகள் எல்லாவற்றிலும் சராசரியைப் போல் ஐந்து மடங்கில்தான் வெட்டியிருந்தாள். அன்றைக்குக் கை தானாக ஐந்து என்று எழுதியிருக்கும். ஒரு நொடி வேலை. பதில்களைப் பார்ப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய எண்ணை, பதில்களைப் பார்த்துக்கொண்டே தேடும்படி ஆகிவிட்டது.

"பன்னெண்டுல வெட்டிப் பாரும்மா" என்றார் அதிகாரி.

பன்னிரண்டில் வெட்டினால் 10.1.

"பத்துல?"

9.5.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பத்துதான் நல்ல ரவுண்டான நம்பர்."

"பன்னெண்டு என்ன கோணலா இருக்கா?" என்றார் டாக்டரம்மா. முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஒரு டஜன். வாழைப்பழம்கூட டஜன்லதான் விக்கறாங்க."

"எட்டுல போடும்மா."

8.9.

"அப்ப எட்டே வச்சுக்கலாம், உறுதியா இருக்கும்."

"எட்டுக்கு என்ன காரணம் சொல்வீங்க?"

"பன்னெண்டுக்கு நீங்க என்ன காரணம் சொல்வீங்க, அதேதான்."

மீன் கடையில் கூட இவ்வளவு வெட்கமில்லாமல் பேரம் பேச மாட்டார்கள். அங்கே மீனாவது கண்ணெதிரே கிடக்கும். எடைக்காரி இருவர் முகத்தையும் பார்த்தாள். அதிகாரிக்கு அந்தக் கட்டடம் வேண்டும், வேறு அலுவலகத்துக்கு. டாக்டரம்மாவுக்கு மருத்துவமனை வேண்டும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியும். ஆனால் கத்தியை நகர்த்தி நகர்த்தி வைக்கிற கை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. பிஸ்கட் ஊறிய டீயின் வாடை அறை முழுக்க இருந்தது.

"ஒண்ணு பண்ணுங்க" என்றார் மேனேஜர், கடைசியில் எழுந்து. "எங்க வெட்டணும்னு இந்தம்மா சொல்லட்டும். இது டெக்னிக்கல் விஷயம். நாளன்னைக்கு காலைல காரணத்தோட எழுதிக் கொடுத்துடுவாங்க. எல்லாரும் ஒத்துக்கலாம்."

தலையில் கட்டியாயிற்று. அதிகாரி பல்குச்சியைப் பிஸ்கட் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார்.

அவளுக்கு எந்த எண் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு. காரணம், அவள் தம்பி.

தம்பிக்கு இருபத்தேழு வயது. குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி மூட்டை ஏற்றுகிறவன். ஒன்பதாவதோடு நின்றவன். கிடங்கின் குளிரும் சாக்குத் தூசியும் சேர்ந்து, மாதத்தில் மூன்று நான்கு தடவையாவது மூச்சு அடைத்துக்கொள்ளும். அப்போது ஷிஃப்டின் நடுவில் ஓடிப்போய் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்க, நடந்து போகும் தூரத்தில் இருப்பது அந்த இரவு மருத்துவமனை ஒன்றுதான். அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தான். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒருவன் படுக்கப் போகும் நேரத்தில் இன்னொருத்தி எழுந்து கிளம்பும் வீடு அது, ஒரே படுக்கையை இரண்டு ஷிஃப்டாகப் பயன்படுத்தலாம் என்று அவன் கிண்டல் செய்வான்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரு செத்தா?"

"யாரும் சாகல. மாஸ்க் வச்சியா நேத்து?"

"வச்சேன். ரெண்டு ரவுண்டு. அந்த நர்ஸ் அக்கா என்னைப் பாத்தாலே மெஷினை ஆன் பண்ணிடுது. பேர்கூட கேக்கறதில்ல." சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். அதிலிருந்து உறைந்த மீனின் வாடை வந்தது. "மூடப்போறாங்களாமே? சொன்னாங்க. உங்க கம்பெனிதான் கணக்கெடுக்குதாம்."

"உங்க ஆளுங்க யாராவது பதில் சொன்னாங்களாடா? டேப்லெட்டோட ஒருத்தர் வந்து கேட்டிருப்பாரே."

"எப்ப?"

"பகல்ல. சாயங்காலம் ஆறு வரைக்கும்."

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "பகல்லயா? பகல்ல நாங்க பொணம்க்கா. ராத்திரி வேலைக்காரனைப் பகல்ல வந்து எழுப்பி, ராத்திரி ஆஸ்பத்திரி வேணுமான்னு கேக்கற புத்திசாலி யாரு, நீயா?"

அந்த நேரத்தைப் போட்டுக் கொடுத்தது அவள் இல்லை, ஆனால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது அவள்தான்.

"ஒருத்தர் சொல்லியிருக்காரு" என்றாள். "கிடங்குக்குப் பின்னாடி இருக்கற ஹாஸ்டல்ல. எட்டுப் பேர் இருக்கற ரூம்."

"எந்த ஹாஸ்டல்? மஞ்சக் கட்டடமா?"

"ஆமா."

"அதுல யாருக்கா இருக்கா? மழையில சுவர் விழுந்து எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு. எலிதான் இருக்கு. எலியையா கேட்டீங்க?" என்று சிரிக்கத் தொடங்கியவன், சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். உள்ளே விசில் ஊதுவது போல ஒரு சத்தம். அவள் முதுகைத் தடவிவிட்டாள். "போ, நீ போ" என்று கையை ஆட்டினான்.

அவள் அலுவலகம் போகவில்லை. நேராக மஞ்சள் கட்டடத்துக்குப் போனாள். களப்பணி நடந்தது போன மாதம். கதவில் தொங்கிய பூட்டு துருப்பிடித்து, அதன் மேல் சிலந்தி வலை கட்டி, அந்த வலையும் பழசாகித் தூசி படிந்திருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். இடிந்த சுவர், ஈரத்தில் உப்பிய ஒரு மெத்தை, அதன் மேல் கறுப்பாகப் பூஞ்சை. பாரம் எண் 877. முப்பத்தோரு பேருக்காகப் பேசியவன் இங்கேதான் குடியிருந்தான்.

கள மேற்பார்வையாளரை அலுவலகத்தின் மாடிப்படியில் பிடித்தாள். சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். "877" என்றாள், அவ்வளவுதான். அவர் சிகரெட்டை அணைத்தார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்த கோபம் வெறுமனே நின்றது.

"ஒரு ஆள் கொறஞ்சுதும்மா" என்றார். "அந்த ஏரியாவுல ஆறு பேர் வேணும்னு மேனேஜர் போட்ட கணக்கு. அஞ்சுதான் கிடைச்சுது. எத்தனை தடவை போறது? கிடங்கு வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்கறான். கடைசி நாள், பைக்ல உக்காந்துகிட்டே நானே நிரப்பிட்டேன்."

"எட்டுப் பேர்னு எதுக்குப் போட்டீங்க?"

"ஹாஸ்டல்னா எட்டுப் பேர் இருப்பாங்கல்ல. நம்பற மாதிரி இருக்கட்டுமேன்னு. அது இப்படி வந்து முப்பத்தொண்ணா விடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போனேன்னு ஏன் போட்டீங்க?"

"அங்க இருக்கறவன் எவனா இருந்தாலும் போயிருப்பான்ல. பொய்யில்லம்மா அது. ஆள்தான் பொய், பதில் நெஜம்."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒருவன் கூசாமல் சொல்லிவிட்டு, மேலே ஏறிப் போய்ச் சம்பளம் வாங்க முடிகிறது என்று நினைத்தபோது எடைக்காரிக்கு வாய் கசந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதை விடும்மா. நீ பன்னெண்டுல வெட்டறே, பத்து புள்ளி ஒண்ணு வருது, ஆஸ்பத்திரி நிக்குது. 877ஐ எடுத்தா நிக்காது. நான் எனக்காகச் சொல்லல. உன் தம்பிக்காகச் சொல்றேன்."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. சின்ன ஊர், சின்ன கம்பெனி. அதைவிட மோசம், அவர் சொன்னது சரி. அவள் அப்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டிருந்தாள். 877 இல்லாமல், பன்னிரண்டிலேயே வெட்டினாலும் 9.2தான் வரும். பத்தைத் தாண்ட வைத்தது அந்த ஒரே ஒரு பொய் ஆள். தம்பியின் மூச்சு, பூஞ்சை பிடித்த மெத்தையில் படுத்திருக்கும் இல்லாத ஒருவனின் கையில் இருந்தது. அவனுக்குக் காவலாக இந்த ஆள் நிற்கிறார், பக்கத்தில் இடம் விட்டு அவளையும் நிற்கச் சொல்கிறார். தோளில் கை போடாததுதான் பாக்கி.

"சொந்தக்காரன் மாதிரி பேசாதீங்க" என்றாள்.

மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் முந்தைய நாள் மாலை தொடங்கி வைத்திருந்த குறிப்பு இருந்தது. 'உச்சவரம்பு பன்னிரண்டாக நிர்ணயிக்கப்படுகிறது. காரணம்:' என்பதற்குக் கீழே அரைப் பக்கத்துக்குக் காரணங்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. படித்தால் யாரும் நம்புவார்கள். எட்டுக்கு எழுதச் சொல்லியிருந்தாலும் இதே அளவு அழகாக எழுதியிருப்பாள். அதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழித்தாள்.

877ஐ நீக்கினாள். திரும்ப எடை போட்டாள். அப்போதுதான் இன்னொன்று நடந்தது, நடக்கும் என்று தெரிந்திருந்தும் பார்க்கும்போது சிரிப்பு வந்தது. பொய் ஆள் போனான், அவன் சுமந்த சுமை போகவில்லை. ஊரில் நூற்றுக்குப் பதினோரு பேர் அந்த மாதிரி ஆட்கள் என்பது மாறாதே. ஆறு பேர் சுமந்த நூற்றி முப்பத்தாறை இப்போது ஐந்து பேர் சுமந்தார்கள். இருபத்தேழு பேருக்காகப் பேசிய ஒருவன் இப்போது முப்பத்தைந்து பேருக்காகப் பேசினான். வெட்டாமல் விட்டால் 13.2. கூடக் குறைய நான்கு புள்ளி பிசகலாம். அந்த ஐந்து பேரில் ஒருவனுக்கு வயிற்று வலி வந்திருந்தால், வராமல் போயிருந்தால், எல்லாம் மாறும்.

ஐந்தில் வெட்டினாள். எப்போதும் வெட்டும் இடம். 7.6. கூடக் குறைய 1.8.

இரண்டாவது எண் எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்று பார்த்தாள். குறுகலான இடைவெளி, சுத்தமான எண். வெட்டியதால்தான் அந்தச் சுத்தம். ஆனால் வெட்டியபோது அந்த ஐந்து பேர் மொத்தமாக நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கியிருந்தார்கள். ஊரில் பதினொன்று, காகிதத்தில் இரண்டு. மிச்ச ஒன்பதையும் எடுத்து யாருக்குக் கொடுத்தாயிற்று? ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துத் தூங்கும் வாத்தியார்களுக்கு, கடைக்காரர்களுக்கு, பகலில் கதவைத் திறந்து பொறுமையாகப் பதில் சொல்லும் எல்லோருக்கும். கூடக் குறைய 1.8 என்பதற்குள் இந்தத் தப்பு அடங்காது. இது வேறு கணக்கு. வெட்டினால் ஆட்டம் குறையும், ஆனால் மொத்தக் கணக்கே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வெட்டாவிட்டால் சாயாது, ஆனால் ஐந்து பேர் ஆட்டுவார்கள்.

இதையெல்லாம் எழுதினாள். ஒரு பாரம் பொய், நீக்கப்பட்டது. வெட்டாமல் 13.2, எங்கள் வழக்கப்படி ஐந்தில் வெட்டினால் 7.6. இரண்டுமே முடிவெடுக்க லாயக்கில்லாதவை. நோய் எடையில் இல்லை, ஆள் கிடைக்காததில் இருக்கிறது. கிடங்கு, மில், சந்தை மூன்றின் வாசலிலும் காலையில் ராத்திரி ஷிஃப்ட் விடும் நேரத்தில் நான்கு நாள் நின்றால் நூறு பேராவது கிடைப்பார்கள். அதன்பிறகு எதையும் வெட்ட வேண்டிய அவசியமே வராது. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டாள்.

மறுநாள் அதே அறை, அதே ஆட்கள், கள மேற்பார்வையாளர் மட்டும் இல்லை. அவருக்குக் காய்ச்சல் என்றார் மேனேஜர். அவள் எழுதியதை அதிகாரி படித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"7.6. அவ்வளவுதானே? இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சார், அதுக்குக் கீழ..."

"படிச்சேன்மா, படிச்சேன். ரெண்டு நம்பர் கொடுத்தா நான் எதுல கையெழுத்துப் போடறது? உங்க வழக்கம் அஞ்சு. நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க வழக்கத்தை நான் ஏன் மாத்தணும்?"

"நாலு நாள்தான் சார் கேக்கறேன். ஷிஃப்ட் விடற நேரத்துல."

"வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டம்." அதிகாரி பையிலிருந்து புதுப் பல்குச்சி எடுத்தார். "பொய்யா எழுதறவங்களை வச்சுக்கிட்டு இன்னும் நாலு நாள் வேற வேணுமா?"

எடைக்காரி மேனேஜரைப் பார்த்தாள். அவர் நாற்காலி ஒருவழியாக எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டிருந்தது. "உங்க குறிப்பு எங்கேயும் போகாதும்மா. ஒரு எழுத்து விடாம பின்னிணைப்புல சேர்த்துடறேன். சத்தியமா."

டாக்டரம்மா எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "பன்னெண்டுன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்ல நீ?"

"அது பொய்யான ஆளை வச்சு வந்த நம்பர் டாக்டர்."

"இது?" என்று மேசையில் கிடந்த காகிதத்தைக் காட்டினார். "இது மட்டும் உண்மையான ஆளுங்களை வச்சா வந்துச்சு? அவங்களை எங்க விட்டே?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அறிக்கை தடிமனான அட்டையோடு வந்தது. முதல் பக்கத்தில் 7.6 என்று கை அகலத்துக்கு அச்சடித்திருந்தார்கள், கீழே 'கூடக் குறைய 1.8' என்று, ஏதோ நேர்மைப் பத்திரம் போல. எண்பத்து மூன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், அவள் குறிப்பு இருந்தது. மேனேஜர் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தார். ஒரு எழுத்துகூட விடவில்லை. கோடு மட்டும் இல்லை.

கள மேற்பார்வையாளர் அடுத்த வாரம் காய்ச்சல் தீர்ந்து வேலைக்கு வந்தார். வேறொரு கணிப்பு, சோப்பு பற்றியது. படியில் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள்.

மாதக் கடைசி நாள் தம்பி போன் செய்தபோது காலை ஆறரை. "அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கேன். கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. வந்து கூட்டிட்டுப் போறியா, நடக்க முடியல."

அவள் போனபோது விடிந்து வெயில் தெரு முழுக்க விழுந்திருந்தது. மருத்துவமனை வாசலில் ஒரு வேன். அதில் கட்டில்களையும் ஒரு மெஷினையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கின் நீலச் சட்டை போட்டவர்கள், கையில் கட்டுப் போட்ட ஒருவன், மில்லின் பஞ்சு தலையில் ஒட்டியிருந்த இரண்டு பேர். எல்லோரும் முப்பதுக்குக் கீழே. எந்தச் சிரமமும் இல்லாமல், ஒரு பெஞ்சில், அவள் தேடிக் கிடைக்காத ஆட்கள். இவர்கள் வேலை விட்டு வரும் வாசல்களில் யாராவது ஒருவர் டேப்லெட்டைத் திறந்து உட்கார்ந்திருந்தால் போதும். இவர்களில் ஒருவருக்கும் ஒன்றுக்கு மேல் எடை தேவைப்பட்டிருக்காது.

ஏழு மணிக்கு அவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். தம்பி கடைசியாக வந்தான், சுவரைப் பிடித்தபடி. மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது.

"மெஷினைக் கழட்டணும்னு சீக்கிரம் எடுத்துட்டாங்கக்கா" என்றான். "பாதிதான் வச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, பெஞ்சில் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினான். "அது என்னுது, எடுத்துக்க."

அவள் குனிந்து எடுத்தாள். அவன் படியிறங்கினான். பணியாள் அவன் பின்னாலேயே வந்து, இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, புதுப் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.